`சொல்லி அனுப்புறோம்'னு இழுக்காதீங்க... இரண்டாவதாக வந்தவரிடம் `இல்லை' சொல்வது எப்படி?

பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி, சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, `ஊருக்குப் போய் லெட்டர் போடுறோம்' என்று கிளம்பினால், அதற்கு என்ன அர்த்தம் என்று பெண் வீட்டாருக்குத் தெரியும். லெட்டர் வராது. அந்த வாக்கியம் இன்று கல்யாண வீட்டைவிட்டு வெளியேறி, ஆபீஸுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. இன்டர்வியூ முடிந்ததும் `சொல்லி அனுப்புறோம்', கொட்டேஷன் வாங்கியதும் `பார்த்துட்டு கூப்பிடுறோம்'. சொல்லியும் அனுப்புவதில்லை, கூப்பிடுவதும் இல்லை.

நூறு பேர் விண்ணப்பித்த வேலையில் 90 பேருக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. அவர்களும் பத்து இடத்தில் விண்ணப்பம் போட்டிருப்பார்கள். உண்மையில் அடிபடுபவர் வேறு ஒருவர். இரண்டு முறை நேரில் வந்து, டெஸ்ட் எழுதி, `கிட்டத்தட்ட முடிஞ்ச மாதிரிதான்' என்று வீட்டில் சொல்லிவிட்டுக் காத்திருக்கும் அந்த இரண்டாவது ஆள். வியாபாரத்திலும் அப்படித்தான். நேரில் வந்து அளவெடுத்து, சாம்பிள் காட்டி, விலை குறைத்துக் கொடுத்து, கடைசியில் மயிரிழையில் தவறவிட்ட வெண்டர்.

இந்த இரண்டாமிடத்துக்காரரிடம்தான் `இல்லை' என்று சொல்வது கஷ்டம். அவரிடம் குறை பெரிதாக ஒன்றும் இருக்காது. பல நேரம் நமக்கு அவரைப் பிடித்தும் இருக்கும். அதனாலேயே சொல்லாமல் தள்ளிப்போடுகிறோம். கடை, கிளினிக், சிறு கம்பெனி நடத்துபவர்கள், அபார்ட்மென்ட் சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர்கள் என எல்லோருக்கும் வரும் சங்கடம் இது. ஒரு உதாரணத்தை வைத்தே இதைப் பார்த்துவிடலாம்.

ஒரு வேலை, இரண்டு பேர்

ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்த வியாபார நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 14 ஊழியர்கள். தனியாக எச்.ஆர். எல்லாம் கிடையாது, முதலாளியேதான் ஆள் எடுக்கிறார். அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் ஒருவர் தேவை. சம்பளம் 18,000 ரூபாய்.

இந்த வேலையில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று, தினமும் வரும் பில்களை டேலியில் பதிவது. இன்னொன்று, மாதா மாதம் ஜிஎஸ்டி தளத்தில் காட்டும் பட்டியலையும் தங்களிடம் இருக்கும் கொள்முதல் பில்களையும் ஒத்துப் பார்ப்பது. சரக்கு அனுப்பியவர் தன் கணக்கில் பில்லைக் காட்டாமல் விட்டிருந்தால், அந்த வரியை இங்கே கழித்துக்கொள்ள முடியாது. கையில் இருந்து பணம் போகும். அதனால் முதலாளிக்கு இரண்டாவது பகுதிதான் முக்கியம்.

5-ம் தேதி திங்கட்கிழமை இன்டர்வியூ. கடைசியில் இரண்டு பேர் தேறுகிறார்கள். ஒருவர், ஆடிட்டர் ஆபீஸில் இரண்டு வருடம் இதே ஒத்துப்பார்க்கும் வேலையைச் செய்தவர். இன்னொருவர், பி.காம் முடித்து ஒரு வருடம் ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதிய 23 வயதுப் பெண். மறுநாள் இருவருக்கும் ஒரே டெஸ்ட். பத்து பில்கள், ஒரு பட்டியல். முதலாமவர் பொருந்தாத மூன்று பில்களையும் கண்டுபிடித்துவிடுகிறார். அந்தப் பெண் டேலியில் பதிவைப் பிசிறில்லாமல் முடிக்கிறார். ஆனால், பொருந்தாத மூன்றில் ஒன்றைத்தான் கண்டுபிடிக்கிறார்.

முடிவு கிட்டத்தட்ட தெளிவு. இனிமேல்தான் விஷயமே இருக்கிறது.

வாசலிலேயே ஒரு தேதி

டெஸ்ட் முடிந்து அவர் கிளம்பும்போது, `சொல்லி அனுப்புறோம்' என்பதற்குப் பதிலாக முதலாளி சொல்ல வேண்டியது ஒரே வரி: ``12-ம் தேதி திங்கட்கிழமைக்குள்ள, எடுத்தாலும் எடுக்கலைன்னாலும் நானே சொல்லிடுறேம்மா.''

இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, தேதி. இன்னொன்று, `எடுக்கலைன்னாலும்' என்ற சொல். இந்தச் சொல் இல்லாவிட்டால், தேதி தாண்டியதும் `இன்னும் முடிவு பண்ணலை போல' என்று அவர் காத்துக்கொண்டே இருப்பார். மௌனத்தையே பதிலாக எடுத்துக்கொள்ளும்படி விடுவதில் இதுதான் சிக்கல். எந்த நாளோடு அது பதிலாக மாறியது என்று கேட்பவருக்குத் தெரியாது.

நம் ஊரில் தனியார் நிறுவனங்களுக்கு இது மரியாதை சார்ந்த விஷயமாகத்தான் இருக்கிறது. ஆனால், கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். டொரன்டோவும் அதைச் சுற்றிய ஊர்களும் இருக்கும், ஈழத் தமிழர்கள் அதிகம் வாழும் அதே மாகாணம்தான். 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் பொதுவில் விளம்பரம் கொடுத்து ஆள் எடுத்தால், இன்டர்வியூவுக்கு வந்தவரிடம் 45 நாளுக்குள், முடிவு எடுத்தாகிவிட்டதா இல்லையா என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். 2026 ஜனவரி 1 முதல் அங்கே இது நடைமுறை. காரணம் சொல்ல வேண்டும் என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. காக்க வைக்காதே என்கிறது, அவ்வளவுதான்.

நடுவில் ஒரு போன்

நம் உதாரணத்துக்கு வருவோம். 8-ம் தேதி முதலாமவருக்கு வேலை தருவதாகச் சொல்லி, 10-ம் தேதிக்குள் பதில் கேட்கிறார் முதலாளி. அவர் வேறு இடத்துக்குப் போய்விட்டால், அடுத்து இந்தப் பெண்தான். அதனால் இப்போதைக்கு அவரிடம் `இல்லை' என்று சொல்ல முடியாது. இதில் தவறொன்றும் இல்லை, எல்லோரும் செய்வதுதான்.

9-ம் தேதி அந்தப் பெண்ணே போன் செய்கிறார். ``சார், வேற ஒரு இடத்துல 16,000-க்கு கூப்பிட்டிருக்காங்க. நாளைக்குள்ள சொல்லணுமாம். உங்ககிட்ட என்ன ஆச்சுன்னு கேட்கலாம்னு...''

பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடம் இதுதான். `ரெண்டு நாள் பொறும்மா, பாசிட்டிவாதான் இருக்கு' என்று சொல்ல வாய் வரும். முதலாளியின் பக்கம் பார்த்தால் அது லாபம். முதலாமவர் வராவிட்டால் கையில் ஓர் ஆள் இருக்கும். ஆனால், முதலாமவர் வந்துவிட்டால், இந்தப் பெண்ணுக்கு 18,000-ம் இல்லை, 16,000-ம் இல்லை. ரிஸ்க் முழுக்க அவர் தலையில், காப்பு மட்டும் முதலாளிக்கு.

நேர்மையான பதில் இப்படி இருக்கும்: ``இப்போதைக்கு இன்னொருத்தரைக் கேட்டிருக்கோம்மா. அவர் நாளைக்குத்தான் பதில் சொல்வார். அவர் வரலைன்னா அடுத்து நீங்கதான். ஆனா வருவார்னுதான் எனக்குத் தோணுது. அந்த இடம் உங்களுக்கு ஒத்துவந்தா, எங்களுக்காக அதை விட்டுடாதீங்க.''

இப்படிச் சொன்னால் நல்ல ஆளை இழக்க நேரலாம். அது உண்மைதான். அந்த நஷ்டத்தை யார் ஏற்பது என்பதுதான் கேள்வி. முடிவு எடுக்கும் இடத்தில் இருப்பவர் ஏற்பதுதான் நியாயம், ஏனென்றால் முழுத் தகவலும் அவரிடம்தான் இருக்கிறது.

காரணம் ஒன்று போதும்... ஆனால் அது நிஜமாக இருக்கணும்

10-ம் தேதி முதலாமவர் `வர்றேன் சார்' என்று சொல்லிவிடுகிறார். இப்போது அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டும். 12-ம் தேதி வரை இழுக்காமல் அன்றைக்கே சொல்லிவிடலாம்.

காரணம் சொல்ல வேண்டுமா? விண்ணப்பத்தோடு நின்றவர்களுக்கு `இந்த முறை உங்களைத் தேர்ந்தெடுக்கவில்லை' என்ற ஒரு வரி மெசேஜ் போதும். நேரில் வந்து நேரம் செலவழித்தவருக்கு ஒரு காரணம் சொல்வதுதான் முறை. ஒன்றே ஒன்று போதும். இரண்டு, மூன்று என்று அடுக்கினால், அது குறைகளின் பட்டியலாகி, குற்றப்பத்திரிகை போலக் கேட்கும்.

எந்தக் காரணத்தைச் சொல்வது என்பதற்கு ஒரு சின்ன சோதனை இருக்கிறது. `நாளைக்கே இந்தக் குறையை அவர் சரிசெய்துவிட்டு வந்தால், நான் அவரை எடுத்திருப்பேனா?' என்று நம்மையே கேட்டுக்கொள்வது. `ஆமாம்' என்றால் அதுதான் நிஜமான காரணம். `இல்லை' என்றால், நாம் சொல்லப் போவது சாக்கு.

சாக்கு எப்படி மாட்டிவிடும் என்று பாருங்கள். அந்தப் பெண் வருவது கோபிசெட்டிபாளையத்தில் இருந்து. மனம் நோகக் கூடாது என்று முதலாளி, `தூரமா இருக்கேம்மா, தினமும் வந்துபோக கஷ்டம்' என்று சொல்லிவிடுகிறார். அவர் உடனே, `பரவாயில்லை சார், ஈரோட்டுலயே ஹாஸ்டல் பார்த்துக்கறேன்' என்கிறார். இப்போது முதலாளி என்ன செய்வார்? இன்னொரு சாக்கு தேட வேண்டும். அதற்கும் அவர் வழி சொல்வார். கடைசியில் இருவருமே சங்கடப்பட்டு போனை வைப்பார்கள். அதைவிட மோசம், அவர் உண்மையிலேயே அட்வான்ஸ் கொடுத்து ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டு, அடுத்த இன்டர்வியூவுக்குப் போவது. சரிசெய்ய வேண்டியது வேறு, அவர் சரிசெய்தது வேறு.

`நீங்க ரொம்ப தகுதியானவங்க, இந்த வேலை உங்களுக்குச் சின்னது', `எங்க செட்டப்புக்கு நீங்க சரியா வருவீங்களான்னு தெரியலை' என்பதெல்லாம் இதே வகைதான். கேட்பவர் அதை வைத்துக்கொண்டு எதையும் செய்ய முடியாது. `அனுபவம் பத்தலை' என்பதுகூட அரைகுறைக் காரணம். எதில் அனுபவம் என்று சொன்னால்தான் அது முழுமையாகும்.

அந்தப் பெண்ணுக்கான நிஜமான காரணம் டெஸ்ட் பேப்பரிலேயே இருக்கிறது. ஒத்துப் பார்ப்பதில் இரண்டு பில்கள் விட்டுப்போயின. வந்தவருக்கு அதில் இரண்டு வருடப் பழக்கம் இருக்கிறது. இது வேலைக்குத் தேவையானது, இருவரும் கண்ணால் பார்த்தது, அவர் கற்றுக்கொள்ளக்கூடியது. நல்ல காரணத்துக்கு இந்த மூன்றும் இருந்தால் போதும்.

வெளியே சொல்ல முடியாத காரணமா இருந்தா?

சில நேரம் நிஜமான காரணம் ஆளைப் பற்றியதாகவே இருக்காது. பட்ஜெட் போய்விட்டது, உள்ளே இருந்த ஒருவரையே அந்த இடத்துக்கு மாற்றிவிட்டார்கள், பங்குதாரர் வேறு ஒருவரை எடுத்துவிட்டார். இதையெல்லாம் விவரமாகச் சொல்லத் தேவையில்லை. `இந்த இடத்துக்கு உள்ளேயே ஒருவரை மாற்றிக்கொண்டோம். உங்கள் திறமை சம்பந்தப்பட்ட முடிவு இல்லை' என்றால் போதும். சுருக்கமாகச் சொல்வதற்கும் மறைப்பதற்கும் வித்தியாசம் உண்டு. சொன்ன வரை உண்மையாக இருந்தால், சொல்லாமல் விட்டது தப்பில்லை.

இன்னொரு வகை இருக்கிறது. `கல்யாணம் ஆகப்போற பொண்ணு, ஆறு மாசத்துல நின்னுடும்', `கைக்குழந்தை இருக்கு, லீவு போடுவாங்க', `எந்த ஊர்ல எந்தத் தெருன்னு கேட்டேன்...' இப்படி ஒரு காரணம் மனதுக்குள் ஓடினால், அதை எப்படி மரியாதையாகச் சொல்வது என்று யோசிக்கவே வேண்டாம். அங்கே பிரச்னை வார்த்தையில் இல்லை, முடிவில் இருக்கிறது. ஒரே வேலைக்கு ஆள் எடுக்கும்போது பாலின அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்பது 1976-ம் ஆண்டு சம ஊதியச் சட்டத்திலேயே இருந்தது. 2019-ம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பும் அதைச் சொல்கிறது. வெளியே சொல்லக் கூசும் காரணம் என்றால், டெஸ்ட் பேப்பரை மறுபடி எடுத்துப் பார்ப்பதுதான் ஒரே வழி.

போனா, மெசேஜா?

நேரில் வந்து பேசியவருக்கு முதலில் போன், பிறகு எழுத்தில் ஒரு மெசேஜ். போன் எதற்கென்றால், அவர் ஏதாவது கேட்க வேண்டும் என்றால் கேட்கட்டும் என்பதற்காக. மெசேஜ் எதற்கென்றால், ஏமாற்றத்தில் காதில் விழாததைப் பிறகு படித்துக்கொள்வதற்காக.

போனில் முதல் வாக்கியத்திலேயே விஷயம் வந்துவிட வேண்டும். `எப்படி இருக்கீங்க, வீட்டுல எல்லாரும் சௌக்கியமா, உங்க டெஸ்ட் ரொம்ப நல்லா இருந்துச்சு...' என்று ஆரம்பித்தால், கேட்பவர் வேலை கிடைத்துவிட்டது என்றே நினைப்பார். அதற்குப் பிறகு வரும் `ஆனா' இரண்டு மடங்கு வலிக்கும். ``வணக்கம்மா, ஈரோட்டுல இருந்து பேசுறேன். இந்த வேலைக்கு வேற ஒருத்தரை எடுத்திருக்கோம், அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்'' என்று நேராகச் சொல்லிவிடலாம். 55 வயது முதலாளி 23 வயதுப் பெண்ணிடம் பேசினாலும், `நீங்க' என்றே பேசுவது முக்கியம். வேலை இல்லை என்று சொல்லும்போது `நீ' என்று வந்தால், அது உரிமையாகக் கேட்காது.

பிறகு அனுப்பும் மெசேஜ் இவ்வளவு போதும்:

*வணக்கம். அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் வேலைக்கு இரண்டு நாள் வந்து பேசியதற்கும், டெஸ்ட் எழுதியதற்கும் நன்றி. இந்த இடத்துக்கு வேறொருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். பில்களை ஜிஎஸ்டி பட்டியலோடு ஒத்துப் பார்ப்பதில் அவருக்கு இரண்டு வருட அனுபவம் இருப்பதே காரணம். உங்கள் டெஸ்டில் அந்தப் பகுதியில் இரண்டு பில்கள் விட்டுப்போயிருந்தன. டேலி பதிவு பிழையில்லாமல் இருந்தது. நீங்கள் கொடுத்த சான்றிதழ் நகல்களை எப்போது வேண்டுமானாலும் ஆபீஸில் வாங்கிக்கொள்ளலாம்.*

ஆறேழு வரிதான். நன்றி, முடிவு, காரணம், உண்மையான ஒரு நல்ல விஷயம், மிச்சமிருக்கும் ஒரு வேலை. நல்ல விஷயம் என்பது சும்மா ஆறுதலுக்குச் சொல்வது இல்லை. எதை மாற்றத் தேவையில்லை என்று அவருக்குத் தெரிவிப்பது. அது நிஜமாக இல்லாவிட்டால், விட்டுவிடலாம்.

இதில் இல்லாத ஒரு வரியையும் கவனியுங்கள். `அடுத்த முறை வாய்ப்பு வரும்போது நிச்சயம் கூப்பிடுகிறோம்.' ஆறு மாதத்தில் இன்னோர் ஆள் எடுக்கப்போவது உறுதி என்றால் எழுதலாம். இல்லாவிட்டால், அது `லெட்டர் போடுறோம்' என்பதன் புது வடிவம்தான்.

அவர் மறுபடி கேட்டால்? `இன்னொரு டெஸ்ட் வைங்க சார், இப்ப கத்துக்கிட்டேன்' என்று வந்தால், சொன்ன காரணத்தையே ஒருமுறை அமைதியாகத் திரும்பச் சொல்லி, ஆள் எடுத்தாகிவிட்டது என்று முடித்துவிடலாம். புதிதாக இரண்டாவது காரணம் சேர்க்கக் கூடாது. சேர்த்தால், முதலில் சொன்னது பொய் என்று ஆகிவிடும்.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு, சிபாரிசு. அந்தப் பெண்ணை அனுப்பியவர் முதலாளியின் நண்பர், அந்தப் பெண்ணுக்குச் சித்தப்பா என்று வையுங்கள். பல பேர் சித்தப்பாவிடம் மட்டும் சொல்லிவிட்டுக் கைகழுவிவிடுவார்கள். வந்தவரிடம் நேரில் சொல்லிவிட்டு, பிறகுதான் அனுப்பியவரிடம் சொல்ல வேண்டும். அவரிடமும் முடிவை மட்டும். டெஸ்டில் எத்தனை பில் விட்டது என்பது சித்தப்பாவுக்குத் தெரிய வேண்டிய விஷயம் இல்லை.

கெட்ட செய்தியும் அதைச் சொல்லும் விதமும்

`எப்படிச் சொன்னா என்ன, வேலை இல்லைன்னா இல்லைதானே' என்று தோன்றலாம். அமெரிக்க ஆய்வாளர் ஜெரால்ட் கிரீன்பெர்க் 1990-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்த இடத்தில் உதவும். ஒரே நிறுவனத்தின் இரண்டு தொழிற்சாலைகளில், ஆர்டர் குறைந்ததால் 10 வாரத்துக்கு 15 சதவிகிதம் சம்பளம் குறைக்கப்பட்டது. ஒரு தொழிற்சாலையில் காரணத்தை விளக்கி, வருத்தம் தெரிவித்து, கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். இன்னொன்றில் சம்பளம் குறையப்போகிறது என்பதைச் சுருக்கமாக அறிவித்ததோடு சரி. அந்த வாரங்களில் இரண்டு இடத்திலுமே பொருள்கள் திருட்டுப்போவது கூடியது. ஆனால், விளக்கம் தராத இடத்தில் அது தெளிவாக அதிகமாக இருந்தது. வெட்டப்பட்ட சம்பளம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

அது சம்பள வெட்டு பற்றிய ஆய்வு, வேலை மறுப்பு பற்றியது இல்லை. ஆனாலும், இழப்பு ஒரே அளவாக இருந்தாலும் அதைச் சொல்லும் விதம் மனிதர்களை எப்படி மாற்றும் என்பதை அது காட்டிவிட்டது.

வெண்டரிடம் எப்படி?

அடிப்படை ஒன்றுதான். ஆனால், ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. வேலை தேடி வந்தவரின் அனுபவத்தை ஒரே நாளில் மாற்ற முடியாது. வெண்டர் தன் விலையை ஒரே நிமிடத்தில் மாற்றிவிடுவார்.

24 வீடுகள் உள்ள ஓர் அபார்ட்மென்ட். வெளிப்புறம் பெயின்ட் அடிக்க மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்குகிறார்கள். இரண்டாவதாக வந்தவர், அரை நாள் சுற்றி அளவெடுத்து, விரிசல் விட்ட இடங்களை போட்டோ எடுத்து, சுவரில் சின்னதாக ஒரு சாம்பிளும் அடித்துக் காட்டியவர். அவர் விலை 6.9 லட்சம். இன்னொருவர், அதே பிராண்ட் பெயின்ட், அதே இரண்டு கோட்டிங், 5.8 லட்சம். சங்கம் குறைந்த விலைக்குப் போகிறது.

செயலாளர் போன் செய்து, `உங்க ரேட் கொஞ்சம் அதிகமா இருக்கு சார்' என்கிறார். காரணம் உண்மைதான். ஆனாலும் பேச்சு அங்கே முடியாது. `எவ்வளவுக்கு முடிக்கணும் சொல்லுங்க சார், பண்ணிடலாம்' என்பார் அவர். ஏனென்றால், வியாபாரத்தில் `ரேட் அதிகம்' என்பது மறுப்பு இல்லை, பேரத்துக்கான அழைப்பு.

அதனால் விலை பேச வேண்டுமென்றால், முடிவு எடுப்பதற்கு முன்பே பேசி முடிக்க வேண்டும். மூன்று பேருக்கும் ஒரே கெடு: `20-ம் தேதிக்குள் உங்கள் கடைசி விலையைக் கொடுங்கள், அதற்கு மேல் மாற்றம் இல்லை.' முன்பு பார்த்த சோதனை இங்கேயும் உதவும். `50 சதவிகிதம் அட்வான்ஸ் கேட்கிறார்' என்பதுதான் ஒருவரைத் தள்ளக் காரணம் என்றால், `20 சதவிகிதத்துக்கு ஒப்புக்கொண்டால் அவருக்கே கொடுப்போமா' என்று யோசிக்க வேண்டும். `ஆமாம்' என்றால், அவரை நிராகரிக்கும் நேரம் இன்னும் வரவில்லை. முதலில் அதைக் கேட்டுவிட வேண்டும்.

கெடு முடிந்து முடிவும் எடுத்த பிறகு, மெசேஜ் இப்படி இருக்கலாம்:

*வணக்கம் சார். பெயின்ட் வேலைக்காக நேரில் வந்து அளவெடுத்து, சாம்பிள் அடித்துக் காட்டியதற்கு நன்றி. 20-ம் தேதி வந்த கடைசி விலைகளைச் சங்கக் கூட்டத்தில் பார்த்தோம். அதே பெயின்ட், அதே கோட்டிங்குக்குக் குறைந்த விலை வந்ததால், அந்த வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம். முடிவு இறுதியானது. உங்கள் ஷேட் கார்டு வாட்ச்மேனிடம் இருக்கிறது, வசதிப்படும்போது வாங்கிக்கொள்ளலாம்.*

வென்றவர் யார், அவர் விலை எவ்வளவு என்பது இதில் இல்லை. அது அந்த வியாபாரியின் ரகசியம், நாம் விநியோகிக்கக் கூடாது. அதேபோல, இவர் எடுத்த விரிசல் போட்டோக்களையும் அளவுகளையும் வென்றவரிடம் கொடுத்து `இதன்படி பண்ணுங்க' என்று சொல்வது, இவருடைய அரை நாள் உழைப்பை இன்னொருவருக்கு இலவசமாகக் கொடுப்பது. மரியாதையான மெசேஜ் அனுப்பிவிட்டு இதைச் செய்தால், அந்த மெசேஜுக்கு மதிப்பே இல்லை.

இன்னொன்று. யாருக்குக் கொடுப்பது என்று முன்பே முடிவு செய்துவிட்டு, ஃபைலில் வைக்க மூன்று கொட்டேஷன் வேண்டுமே என்று இரண்டு பேரை அலையவிடுவது பல இடங்களில் நடக்கிறது. அவர்களிடம் எவ்வளவு பணிவாக `இல்லை' சொன்னாலும் அது நேர்மையான `இல்லை' ஆகாது, ஏனென்றால் சொல்ல உண்மையான காரணம் எதுவும் இல்லை. அப்படியென்றால் விலை விசாரிக்கிறோம் என்று மட்டும் சொல்லி, தோராயமான ரேட்டை போனிலேயே வாங்கிக்கொள்ளலாம். யாரையும் சாரம் ஏறி அளவெடுக்க வைக்க வேண்டியதில்லை.

இந்தக் கட்டுரையைப் படிக்கும் உங்களில் பலர், இதே நேரத்தில் யாரையாவது காக்க வைத்திருக்கலாம். வாட்ஸ்அப்பில் கொஞ்சம் கீழே போனால், `சார், எனி அப்டேட்?' என்ற ஒரு மெசேஜ், நீல டிக்கோடு பதிலில்லாமல் இருக்கும். அது மூன்று வாரம் பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. `பதில் சொல்லத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும்' என்று ஒரு வரி, முடிவு ஒரு வரி, காரணம் ஒரு வரி. அந்தப் பக்கம் இருப்பவர் அடுத்த இடத்துக்கு நிம்மதியாகப் போவார்.